முதியோர் மருந்துப் பயன்பாடு: வத்தல்மலையை முன்வைத்துச் சில கேள்விகள்

வத்தல்மலை, தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மலையூர்களின் தொகுதி. மலையாளிப் பழங்குடியினர் இங்கே பெரும்பான்மையாக வாழ்கிறார்கள். காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு ஆகியவை முக்கியப் பயிர்கள். சாலை வந்த பிறகும் 24 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் கீழே இறங்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பின்னணியில் முதியவர்களின் மருந்துக் கேள்விகள் பெரும்பாலும் சில மாத்திரைகளைச் சுற்றியே வருகின்றன. சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரை, மூட்டு வலிக்கு ஊசி, சளிக்குக் கடையில் வாங்கிய செட் மாத்திரை, சிலருக்குத் தூக்க மாத்திரை. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் முதல் இரண்டும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெண் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஒரே நடையில் இரண்டு மாதத்துக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாத்திரைக்காக மலை இறங்கும் அலைச்சல் குறைந்தது. ஆனால் வீட்டில் மாத்திரை தீராமல் இருக்கும் முதியவரிடம் எழும் கேள்வி வேறு: முப்பது வயதுக்காரருக்குச் சரியான அளவு, எழுபத்தைந்து வயதான, நாற்பது கிலோ எடையுள்ள உடம்புக்கும் சரியா?

வயதான உடம்பில் மருந்து என்ன ஆகிறது

வயிற்றிலிருந்து ரத்தத்தில் மருந்து சேர்வதில் வயது பெரிய மாற்றம் செய்வதில்லை. மாற்றம் அதற்குப் பிறகுதான். வயதாக ஆக உடம்பில் நீரின் பங்கு குறைகிறது, தசை குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. ஒல்லியாகத் தெரியும் முதியவருக்கும் இது பொருந்தும். கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே தங்கி மெல்ல மெல்ல வெளிவரும். டயஸிபாம் என்ற தூக்க மாத்திரை இதற்கு நல்ல சான்று. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஒருவருக்கு எத்தனை வயதோ ஏறத்தாழ அத்தனை மணி என்று 1975இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இருபது வயதில் இருபது மணி, எழுபத்தைந்து வயதில் எழுபத்தைந்து மணி. தினமும் ஒன்று போட்டால் நேற்றைய மருந்தின் பெரும்பகுதி போகும் முன்பே இன்றைய மருந்து வந்து சேர்கிறது. உடம்பில் அதன் அளவு உச்சத்துக்கு வர இரண்டு வாரம் ஆகலாம். அதனால்தான் ‘பத்து நாளா போடறாங்க, ஒண்ணும் ஆகல, மாத்திரையால இல்ல’ என்று வீட்டார் சொல்வதை நம்ப முடியாது. மந்தமாகித் தள்ளாடி விழுவது மூன்றாம் வாரத்தில்கூட நடக்கலாம்.

கல்லீரல் சுருங்குகிறது, அதற்குள் ஓடும் ரத்தமும் குறைகிறது. எனவே கல்லீரலால் உடைபடும் பல மருந்துகள் மெதுவாகவே குறையும். ரத்த அழுத்தத்துக்கு மிகுதியாகத் தரப்படும் அம்லோடிபின் அப்படிப்பட்டது. ஒல்லியான முதியவருக்கு வழக்கமான 5 மில்லிகிராமுக்குப் பதில் 2.5இல் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் நடைமுறையில் அதிகம் ஏமாற்றும் உறுப்பு சிறுநீரகம். ‘கிரியேட்டினின் நார்மல்’ என்று சீட்டில் இருந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசையே குறைந்துவிட்ட முதியவரின் உடம்பு அதைக் குறைவாகவே உண்டாக்கும். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் ரத்தத்தில் அளவு கூடாது. சோதனைச் சீட்டு பொய் சொல்லவில்லை, அதை வாசிப்பவர்தான் வயதையும் எடையையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

1976இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் தந்த கணக்கு இதற்கு இன்றும் பயன்படுகிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, மீதியை எடையால் பெருக்க வேண்டும். கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி, அதனால் முதல் தொகையை வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். முப்பது வயது, 50 கிலோ, கிரியேட்டினின் 1.0 உள்ள பெண்ணுக்கு நிமிடத்துக்கு 65 மில்லிலிட்டர் வருகிறது. எழுபத்து நான்கு வயது, 40 கிலோ, அதே 1.0 உள்ள பெண்ணுக்கு 31தான். சீட்டில் இருவரும் ‘நார்மல்’.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆய்வகங்கள் இப்போது தரும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மதிப்பு வேறொரு கணக்கில் வருவது. அதே பாட்டிக்கு 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் அது 59 என்று காட்டும். அந்த எண் 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள உடம்பை வைத்துச் சொல்லப்படுவது. 145 சென்டிமீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ளவரின் உடல் பரப்பு 1.3 சதுர மீட்டர்கூட வராது. அவருடைய பரப்புக்கு மாற்றினால் 59 என்பது 43 ஆகிவிடும். எந்த எண் உண்மை என்பதை இந்தக் கணக்குகளால் அறுதியிட முடியாது. மெலிந்த முதியவருக்கு காக்ராஃப்ட் கணக்கு கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதும் தெரிந்ததே. ஆனால் 31க்கும் 43க்கும் இடையில் எங்கிருந்தாலும், 59 என்று நினைத்து மருந்து கொடுப்பது தவறான பக்கம் சாய்வதுதான்.

ஒரு பை மாத்திரை

இது எப்படிப் பின்னிக்கொள்கிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை எடுத்துக்காட்டு போதும். மேலே சொன்ன அதே 74 வயதுப் பாட்டி, மலையில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை விழுந்திருக்கிறார். முதல் முறை விடியற்காலையில் வெளியே போய்வரும்போது சரிவில். இரண்டாம் முறை, காப்பிப் பழம் பறிக்கிற நாளில், பிற்பகலில் வாசலில். ‘வயசாச்சு, கால் பலம் இல்ல’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

வந்திருக்கும் தன்னார்வலர் செய்ய வேண்டிய முதல் வேலை எளிது. “ஆயா, வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தயும் எடுத்துட்டு வாங்க. நான் குடுத்தது மட்டும் இல்ல, கடையில வாங்குனது, பழசு, பொட்டலம் எல்லாம்.” கடைசி வார்த்தைகள்தான் முக்கியம். ‘என்னென்ன மாத்திரை போடுறீங்க’ என்று கேட்டால் அரசு கொடுத்ததை மட்டுமே சொல்வார்கள். செட் மாத்திரையை மாத்திரைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பையில் இருந்தவை: அம்லோடிபின் 5, எனலாப்ரில் 5, மெட்ஃபார்மின் 500 காலை மாலை, கிளிபென்கிளமைடு 5, கால் வீக்கத்துக்காக வேறொரு மருத்துவர் எழுதிய ஃப்ரூஸ்மைடு, அட்டையில்லாமல் காகிதத்தில் மடித்த நான்கு சிறு மாத்திரைகள். அவற்றோடு ஒரு தனியார் கடையில் வாங்கிய வேறு பெயருள்ள அட்டையும் இருந்தது. அரசு அட்டையில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும், கடை அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் பொதுப்பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். வாசித்துப் பார்த்தால் இரண்டும் அம்லோடிபின். பாட்டி இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே மருந்தை இரண்டு பெயரில் போடுவது, மருந்து மாற்றிய பிறகும் பழைய அட்டை பெட்டியில் கிடப்பது, இவை மலையிலும் நகரத்திலும் ஒன்றுபோலவே நடக்கின்றன. இரண்டு மாத அட்டைகள் ஒன்றாகக் கிடக்கும் பெட்டியில் குழப்பத்துக்கு இன்னும் இடம் உண்டு.

அடுத்தது கால் வீக்கம். அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கணுக்காலில் கசிகிறது. அது உடம்பில் தேங்கிய அதிகப்படி நீர் இல்லை. எனவே நீரை வெளியேற்றும் ஃப்ரூஸ்மைடு அந்த வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் உடம்பு நீரை இழக்கும், பாட்டி இருட்டில் பல முறை எழுந்து வெளியே போவார், ரத்த அழுத்தம் மேலும் இறங்கும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்தை எழுதும் இந்தச் சங்கிலிக்கு 1990களில் மருத்துவ இதழ்களில் தனிப் பெயரே வந்துவிட்டது. அம்லோடிபின் வீக்கம் பெரும்பாலும் இரண்டு கணுக்காலிலும் சமமாக இருக்கும், மாலையில் கூடும், காலையில் வடியும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் தலையணை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால் அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம். அப்போது ஃப்ரூஸ்மைடை நிறுத்துவது ஆபத்து. இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றக் கூடாது.

மூன்றாவது, கிளிபென்கிளமைடு. காப்பி பறிக்கிற நாளில் பாட்டி மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போனார். காலையில் குடித்தது கொஞ்சம் கூழ். மதியம் சாப்பாடு தள்ளிப்போயிற்று. கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கசக்கி எடுக்கும் இந்த மருந்து, சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காது. அதன் செயல்படும் கழிவுகளும் சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும். பாட்டியின் சிறுநீரகத்தில் அவை தேங்கும். பிற்பகல் விழுந்தது பெரும்பாலும் சர்க்கரை இறக்கம்தான்.

இளைஞர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் நடுக்கமும் படபடப்பும் எச்சரிக்கும். முதியவர்களுக்கு அவை மங்கலாகவே இருக்கும். பீட்டா தடுப்பானான அட்டெனலால் போடுபவருக்கு இன்னும் மங்கும், வியர்வை மட்டும் மிஞ்சும். குழறும் பேச்சு, எதையோ தேடுவது போன்ற பார்வை, திடீர்க் குழப்பம் ஆகியவை பக்கவாதம் போலவே தோன்றும். ஆகவே சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு இப்படி ஆனால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்து, பிறகு சாப்பாடு கொடுக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108க்குச் சொல்ல வேண்டும். மலையில் கூடுதல் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்துவிட்டார் என்று வண்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது. இந்த வகை மாத்திரையின் இறக்கம் ஒரு நாளைக்கு மேலும் திரும்பத் திரும்ப வரும். நள்ளிரவில் அது வந்தால் 24 வளைவுகளும் இடையில் நிற்கும்.

மருத்துவர் இந்தப் பையைப் பார்த்தால் செய்யக்கூடியது இது: இரட்டை அம்லோடிபினில் ஒன்றை எடுத்து மற்றதையும் 2.5க்குக் குறைப்பது, இதயக் கோளாறு இல்லை என்று உறுதியானால் ஃப்ரூஸ்மைடை நிறுத்துவது, கிளிபென்கிளமைடை முற்றிலும் விடுவது, மெட்ஃபார்மினை நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்துச் சில மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகத்தைப் பார்ப்பது. இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினையும் விட வேண்டும். சர்க்கரை அளவு கொஞ்சம் கூடும். பல நோய்களோடு தளர்ந்திருக்கும் முதியவருக்கு மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 8 வரை இருக்கலாம் என்பதே இன்றைய பொதுவான நிலைப்பாடு. 6.5க்கு இறக்கியாக வேண்டும் என்ற பிடிவாதம் இந்தப் பாட்டிக்கு நல்லதைவிடக் கெடுதலையே செய்யும்.

விழுந்தவரிடம் என்ன பார்க்க வேண்டும்

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண் புரை, மூட்டு, வழுக்கும் பாதை எல்லாம் காரணங்கள்தான். எளிதில் மாற்றக்கூடிய காரணமோ மருந்து. சரிவில் படிக்கட்டு வெட்டக் காலம் எடுக்கும், ஒரு மாத்திரையை நிறுத்த ஒரு மருத்துவரின் கையெழுத்து போதும்.

எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். இளம் வயதில் கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் உடனே இதயத்தை விரைவாக்கி, குழாய்களைச் சுருக்கிச் சமாளித்துவிடும். முதுமையில் இந்த எதிர்வினை தாமதமாகிறது. பி.பி. மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், மன நோய் மருந்துகள் எல்லாம் அதே பக்கம்தான் தள்ளுகின்றன. எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்பவர்களும் உண்டு, ஒன்றும் உணராமல் விழுபவர்களும் உண்டு.

கண்டுபிடிக்கத் தேவை ஒரு பி.பி. கருவி மட்டுமே. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளக்க வேண்டும். எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிற்கும்போது ஏற்படும் அழுத்த இறக்கம். உட்கார வைத்து ஒரு முறை அளந்து 150 என்று பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவது எங்கும் நடக்கிறது. அதே ஆள் நிற்கும்போது 118ஆக இருக்கலாம். விழுந்த வரலாறு உள்ள எந்த முதியவருக்கும் நிற்க வைத்து அளக்காமல் பி.பி. மருந்தைக் கூட்டக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

நேரமும் துப்பு தரும். அதிகாலையில் எழுந்தவுடன் என்றால் அழுத்த இறக்கம். சாப்பாட்டுக்கு முன், வேலை நாளில் என்றால் சர்க்கரை. இரவில் தள்ளாடி, மறுநாள் காலையும் மந்தமாக இருந்தால் தூக்க மாத்திரை அல்லது சளி மாத்திரை. புது மருந்து தொடங்கிய, அளவு கூட்டிய முதல் சில வாரங்களைத் தனியாகக் கேட்க வேண்டும்.

தவிர்ப்பது நல்லது எனப்படுபவை

1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பிக்கிறது, கடைசியாக 2023இல் வந்தது. நிறுத்த வேண்டியவற்றோடு, தொடங்க மறந்தவற்றையும் சொல்லும் வேறொரு பட்டியல் 2008இல் அயர்லாந்திலிருந்து வந்தது. முழுப் பட்டியலும் இங்கே தேவையில்லை, மலையில் உண்மையில் கைக்கு வருபவை சிலவே.

கிளிபென்கிளமைடு பற்றி மேலே சொல்லியாயிற்று. கிளிமிபிரைடும் அதே வகை. இந்த வகையில் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் குறுகிய நேரம் செயல்படும் கிளிபிசைடே மேல் என்று 2023 பட்டியல் சொல்கிறது.

சளிக்கும் அரிப்புக்கும் தரும் சிறிய மஞ்சள் மாத்திரையான குளோர்பெனிரமின் குழந்தைக்கும் கொடுப்பது என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. முதியவருக்கு அது வாய் வறட்சி, மலச்சிக்கல், நடைத் தள்ளாட்டம், குழப்பம் தரும். புராஸ்டேட் வீங்கிய ஆணுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். நரம்பு வலிக்கு எழுதும் அமிட்ரிப்டிலினும் வயிற்றுப் பிடிப்புக்குப் போடும் டைசைக்ளோமினும் இதே குணம் கொண்டவை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் தீமை கூடும்.

வலி ஊசியும் வலி மாத்திரையும் தனி ஆபத்து. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் ஆகியவை சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் வாயிலைச் சுருக்குகின்றன. எனலாப்ரில் வெளியேறும் வாயிலை விரிக்கிறது. ஃப்ரூஸ்மைடு நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து, அதோடு ஒரு நாள் வயிற்றுப்போக்கும் வந்தால், 31இல் இருந்த சிறுநீரகம் சில நாளில் நின்றுபோகலாம். சிறுநீர் குறைவது, முகம் வீங்குவது, மலம் கருப்பாகப் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஊசி போட்டதைச் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் 500 ஒரு மாத்திரை, தேவைப்பட்டால் ஆறு மணிக்கு ஒன்றாக நாளைக்கு நான்கு வரை, 40 கிலோ உடம்புக்கு அதுவே உச்சம். வலிக்குத் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஏற்கெனவே உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. முழங்காலில் தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு, மாத்திரையைப் போல ரத்தத்தில் சேர்வதில்லை.

காகிதப் பொட்டல மாத்திரையில் என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வலி மருந்து, சளி மாத்திரை, பல நேரம் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டால் வலி மாயமாய்ப் போகும், பசி எடுக்கும். அதனால்தான் மீண்டும் அதே கடைக்குப் போவார்கள். கூடவே சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், அப்படிப்பட்ட எலும்போடு விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். பல மாதம் போட்டவர் திடீரென நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், அழுத்தம் வீழ்ந்து மயங்கிவிடலாம்.

நிறுத்துவதற்கும் முறை உண்டா?

உண்டு. டயஸிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை மாதக்கணக்கில் போட்டவர் ஒரே நாளில் விட்டால் தூக்கம் முற்றிலும் கெடும், வலிப்புகூட வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறைப்பது வழக்கமான முறை. முடிவில் இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும். அட்டெனலாலைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி மீளலாம். கிளிபென்கிளமைடு, சளி மாத்திரை, வலி மாத்திரை ஆகியவற்றுக்கு இந்தப் படிப்படி தேவையில்லை. எதையும் முதியவரே தன்போக்கில் நிறுத்துவது சரியல்ல. ஒரே நேரத்தில் ஐந்தை நிறுத்தினால் எதனால் என்ன ஆனது என்று மருத்துவருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ‘எண்பது வயசுக்கு மேல பி.பி. மாத்திரை எதுக்கு’ என்று விட்டுவிடுவதும் தவறு. 2008இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அழுத்தத்தை 150/80 வரை இறக்க முயன்று பார்த்தது. மருந்து பெற்றவர்களில் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதயச் செயலிழப்பும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நடமாட்டமுள்ள, ஓரளவு திடமானவர்கள். நின்றபோது மேல் அளவு 140க்குக் கீழே இறங்கியவர்களை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவே இல்லை.